ஆழக் கேட்பதும் அகலக் கேட்பதும்: புதிய மொழிக்குக் காதைப் பழக்குவது எப்படி

எழுத்தில் பார்த்தால் சட்டென்று புரிகிற ஒரு வாக்கியம், அதையே ஒருவர் வாயால் சொல்லும்போது புரியாமல் போகிறது. புதிய மொழி கற்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். அப்போது கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் “நிறையக் கேளுங்கள், தானாக வந்துவிடும்” என்பதுதான். அது பாதிதான் சரி. எதைக் கேட்பது, எவ்வளவு கடினமானதைக் கேட்பது, எத்தனை முறை கேட்பது என்று சொல்லாமல் விட்டால், ஆள் நேராகப் போய் ஒரு வேகமான விவாதத்தையோ படத்தையோ போட்டு, கீழே எழுத்து ஓட ஓட, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். காதைவிடக் கண்தான் அங்கே வேலை செய்திருக்கும்.

கேட்டுப் பழகுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இன்டென்சிவ் லிசனிங்: ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிட ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது. இன்னொன்று எக்ஸ்டென்சிவ் லிசனிங்: எளிதான பொருளை நிறுத்தாமல், அகராதியைத் திறக்காமல், கதையின் போக்கிலேயே அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு போவது. முன்னதை ஆழக் கேட்டல் என்றும் பின்னதை அகலக் கேட்டல் என்றும் வைத்துக்கொள்வோம். அகல உழுவதிலும் ஆழ உழுவதே மேல் என்பார்கள். இந்த நிலத்தில் இரண்டு உழவும் வேண்டும், ஆனால் இரண்டையும் ஒரே பதிவில் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

ஏன் முடியாது என்பதற்குப் பதில், நமக்குப் புரியாமல் போவது ஏன் என்பதில் இருக்கிறது.

புரியாததற்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம் வெளிப்படையானது: அந்தச் சொல்லே தெரியாது. எழுதிக் காட்டினாலும் தெரியாது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் ஏமாற்றும். சொல் தெரியும், எழுதிக் காட்டினால் உடனே பொருள் சொல்லிவிடுவோம், ஆனால் பேச்சில் வரும்போது அது இதுதான் என்று காதுக்குத் தெரியாது. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் தமிழ் கற்ற ஒருவருக்கு “வந்துகொண்டிருக்கிறார்கள்” என்று எழுதினால் புரியும். நாம் பேசும்போது அது “வந்துட்ருக்காங்க” என்று வருகிறது. பாதி எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. அவருக்கு அது புத்தம் புதிய சொல்லாகத்தான் கேட்கும். நமக்கு ஆங்கிலத்தில் நடப்பதும் இதேதான். “நாட் அட் ஆல்” என்று மூன்று சொல்லாகப் படித்தது, வாயில் “நாட்டட்டால்” என்று ஒரே சொல்லாக வருகிறது. “லாஸ்ட் நைட்” என்பதில் நடுவில் இருக்கிற ட் பெரும்பாலும் விழுந்துவிடும், “லாஸ்நைட்” என்றுதான் காதில் படும். “வாக்ட் டு” என்பது “வாக்டு” ஆகிவிடும்போது, இறந்தகாலத்தைக் காட்டுகிற ஒலி அடுத்த சொல்லோடு கலந்துவிடுகிறது. அதைத் தனியாகப் பிடிக்கக் காத்திருந்தால் அது வரவே வராது.

மூன்றாவது காரணம் வேகம். ஒவ்வொரு சொல்லும் தெரியும், ஒவ்வொரு சொல்லும் காதில் விழவும் செய்கிறது, ஆனால் வாக்கியத்தின் பொருள் மனத்தில் சேர்ந்து முடிவதற்குள் பேசுபவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே கேட்பவர்களுக்கு இது அதிகம். முதல் இரண்டு வாக்கியம் நன்றாகப் புரியும், மூன்றாவதில் தடுமாறும், நான்காவதில் மொத்தமாக விட்டுப்போகும்.

இப்போது மருந்தைப் பாருங்கள். முதல் காரணத்துக்குச் சொல் கற்க வேண்டும். இரண்டாவதுக்கு, ஒரு சின்னத் துண்டை உடைத்துப் பார்த்து, எந்த ஒலி எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதாவது ஆழக் கேட்க வேண்டும். மூன்றாவதுக்கு, ஏற்கெனவே தெரிந்த சொற்களை ஏராளமாக, தடையில்லாமல் கேட்டுக் கேட்டுப் பொருள் தானாக வந்து விழுகிற நிலைக்குப் பழக வேண்டும், அதாவது அகலக் கேட்க வேண்டும். வேகப் பிரச்சினை உள்ளவர் ஒரே நிமிடத்தை இருபது முறை கேட்டால், அந்த ஒரு நிமிடம் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். ஒலி பிடிபடாதவர் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டாலும், “நாட்டட்டால்” அவருக்கு மூன்று மணி நேரமும் இரைச்சலாகவே இருக்கும்.

நிலை பார்த்து எடுப்பது

நிலை பிரித்த பொருள், அதாவது கிரேடட் மெட்டீரியல் என்பது, குறிப்பிட்ட அளவு சொற்களுக்குள் அடங்கும்படி எழுதி, தெளிவாக வாசித்துப் பதிவு செய்தது. இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-லேயே ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 அடிப்படைச் சொற்கள், சின்ன வாக்கியங்கள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது அதன் ஏற்பாடு. பதிப்பகங்கள் வெளியிடும் கிரேடட் ரீடர் என்ற நிலை பிரித்த கதைப்புத்தக வரிசைகளும் இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தனியாக இடம்பெறும் அடிச்சொற்கள், முதல் நிலையில் 400, இரண்டாவதில் 700, மூன்றாவதில் 1,000 என்று ஏறுகின்றன, பல கதைகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. வேறு பதிப்பகத்தில் இரண்டாம் நிலை என்று போட்டிருப்பது இதே 700-ஆக இருக்க வேண்டியதில்லை, எனவே அட்டையில் உள்ள எண்ணை நம்பாமல் சொற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெதுவாக இருப்பதெல்லாம் எளிதாக இருக்காது. ஜெர்மன் வானொலியான டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசித்த செய்திகளை வெளியிடுகிறது, ஜெர்மன் கற்கிறவர்களிடம் அது புகழ்பெற்றது. ஆனால் வேகம்தான் குறைவு, சொற்கள் வழக்கமான செய்திச் சொற்கள்தான். தொடக்க நிலையில் இருப்பவர் அதை அகலக் கேட்க எடுத்தால் முதல் வாரத்திலேயே மனம் விட்டுப்போகும்.

சரி, உங்களுக்கு எந்த நிலை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு தாளும் பேனாவும் போதும். புதிய பதிவு ஒன்றை எழுத்துப் பார்க்காமல் மூன்று நிமிடம் ஓட விடுங்கள். ஒரு சொல் பிடிபடாமல் நழுவும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். எளிய பதிவுகளில் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் வரும் என்று வைத்தால், மூன்று நிமிடத்தில் 300. ஆறு கோடு வரை விழுந்தால், நூற்றுக்கு 98 சொல் பிடிபடுகிறது: அகலக் கேட்பதற்கு இதுதான் சுகமான நிலை. பதினைந்து கோடு என்றால் நூற்றுக்கு 95. கதை ஓட்டத்தை 95-இல் பிடித்துவிடலாம். ஹில்டே வான் ஜீலாண்ட், நோர்பர்ட் ஷ்மிட் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வும், சாதாரணக் கதைப்பேச்சைப் புரிந்துகொள்ள 95 ஏறக்குறையப் போதும் என்றே சொல்கிறது. ஆனால் 95 என்பது பன்னிரண்டு நொடிக்கு ஒரு சொல் நழுவுவது. அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்தால் களைப்புத் தட்டும். எனவே தொடக்கத்தில் 98-ஐ ஒட்டியே இருங்கள். பதினைந்துக்கு மேல் முப்பது கோடு வரை போனால், அது ஆழக் கேட்பதற்கான பொருள். முப்பதையும் தாண்டினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், ஆழக் கேட்கவும் அது தோதுப்படாது.

ஆக, இரண்டு வேலைக்கும் இரண்டு நிலை. ஆழக் கேட்பது ஒரு படி மேலே, அகலக் கேட்பது உங்களுக்குக் கொஞ்சம் குழந்தைத்தனமாகத் தோன்றுகிற அளவுக்குக் கீழே. பலரும் இரண்டாவதில்தான் முரண்டு பிடிக்கிறார்கள். இலக்கணத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு 700 சொல் கதையைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. படிக்கிற நிலை வேறு, கேட்கிற நிலை வேறு. கண்ணுக்குத் திரும்பிப் போய் மறுபடி படிக்க நேரம் உண்டு, காதுக்கு இல்லை. வாசிப்பில் நான்காம் நிலையில் இருப்பவர் கேட்பதில் இரண்டாம் நிலையில் தொடங்குவது மிகச் சாதாரணம்.

ஒரு நிமிடத்தை எடுத்து உடைப்பது

ஆழக் கேட்பதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஒரு நிமிடப் பதிவு, ஏறக்குறைய 100 சொல், எழுத்து வடிவமும் கையில் இருக்கிறது. எழுத்து வடிவம் இல்லாத பதிவை ஆழக் கேட்க எடுக்காதீர்கள், தவறு எங்கே என்று சரிபார்க்க வழி இருக்காது.

முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை முழுதாகக் கேளுங்கள். யார், என்ன, எங்கே என்பது மட்டும் தெரிந்தால் போதும். அப்புறம் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். ஒரு வாக்கியத்தை நான்கைந்து முறைக்கு மேல் திரும்பப் போடத் தேவையில்லை. அதற்குள் வராதது ஐம்பதாவது முறையிலும் வராது. பிடிபடாத இடத்தில் வெறும் கோடு போட்டுவிட்டு நகருங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும்.

இப்போது எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். பதிவில் இருந்தது “ஹி ஷுட் ஹாவ் டோல்ட் ஹர் அபௌட் இட்” என்று வைத்துக்கொள்வோம். அவன் அவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது பொருள். கேட்டவர் எழுதியது “ஹி ஷுட் ஆஃப் டோல்டர் அபௌட்” என்று இருக்கிறது. ஒன்றுமே தெரியாதவர் எழுதியது மாதிரி தோன்றும், ஆனால் ஒவ்வொரு தவறிலும் ஒரு செய்தி இருக்கிறது. “ஹாவ்” என்பதில் ஹ ஒலி விழுந்து, உயிரொலியும் சுருங்கி, வெறும் “அவ்” என்று முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அதைக் காது “ஆஃப்” என்று எடுத்துக்கொண்டது. “ஹர்” என்பதிலும் அதே ஹ விழுந்தது, “டோல்ட்” சொல்லின் ட் இந்தப் பக்கம் தாவியது, இரண்டும் சேர்ந்து “டோல்டர்” ஆனது. கடைசி “இட்” முன்சொல்லில் கரைந்தே போனது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள்தான் எல்லாம். ஆக, இந்த வாக்கியத்தில் புதிதாகச் சொல் கற்பதற்கு எதுவும் இல்லை. கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஹ-வில் தொடங்கும் சின்னச் சின்ன இலக்கணச் சொற்கள், வாக்கியத்தின் நடுவில் அழுத்தமில்லாமல் வரும்போது, அந்த ஹ-வை இழந்து முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

இதை ஒரு குறிப்பேட்டில் ஒரே வரியாக எழுதி வையுங்கள். அப்புறம் எழுத்தைப் பார்த்தபடி அந்த வாக்கியத்தை மூன்று முறை கேளுங்கள், எழுத்தை மூடிவிட்டு மூன்று முறை கேளுங்கள், பேசுபவரின் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாயால் ஒட்டிச் சொல்லத் தெரிந்த ஒலியைக் காது எளிதில் அடையாளம் காண்கிறது.

ஒரு நிமிடத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து தவறுகள் வரலாம். எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 1 அல்லது 2 என்று மட்டும் குறியுங்கள். சொல்லே தெரியாது என்றால் 1, தெரிந்தும் கேட்கவில்லை என்றால் 2. இரண்டாம் வகையில் ஒரே காரணத்தால் திரும்பத் திரும்ப வருகிற ஒன்றையோ இரண்டையோ அன்றைக்கு எடுத்துக்கொண்டால் போதும். பெரும்பாலும் 1-ஆக இருந்தால் உங்கள் காதில் குறை இல்லை, பதிவு உங்களுக்குக் கடினம், நிலையைக் குறையுங்கள். தவறே அதிகம் இல்லை, எழுதியதெல்லாம் சரி, ஆனாலும் நிறுத்தாமல் ஓட விட்டால் புரியவில்லை என்றால் அது மூன்றாவது காரணம். அப்படிப்பட்டவர் ஆழக் கேட்கும் நேரத்தைக் குறைத்து, அகலக் கேட்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

இதில் பலரும் செய்கிற ஒரு குறுக்குவழி, வேகத்தை 0.75 என்று குறைத்து வைத்துக் கேட்பது. அது நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு உதவாது. “டோல்டர்” என்பதை மெதுவாக்கினால் “டோ…ல்டர்” என்றுதான் வரும். பேசியவர் சொல்லாத ஹ அங்கே புதிதாக முளைக்காது. எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளக் குறையுங்கள், மறுபடி உடனே பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

தினமும் எப்படி வைத்துக்கொள்வது

ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க முடிகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நிமிடம் ஆழக் கேட்க, இருபத்தைந்து நிமிடம் அகலக் கேட்க. மனம் தெளிவாக இருக்கிற நேரத்தில் முதலாவது, மேசையில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு. இரண்டாவது நடக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ கூட நடக்கலாம். மொத்தமே இருபது நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், இரண்டையும் வெட்டிச் சுருக்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழக் கேளுங்கள், மற்ற நாள் முழுவதும் அகலக் கேளுங்கள்.

ஆழக் கேட்கும் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிமிடப் பதிவு ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். முதல் நாள் கேட்டு எழுதுவது, இரண்டாம் நாள் ஒப்பிட்டு வாய்விட்டுச் சொல்வது, மூன்றாம் நாள் புதிய துண்டு. ஒரு வாரம் கழித்துப் பழைய துண்டை எழுத்தில்லாமல் ஒரே ஒருமுறை ஓட விட்டுப் பாருங்கள். அங்கே புரிவது மட்டும் சான்று ஆகாது, மனப்பாடமாகவும் இருக்கலாம். குறிப்பேட்டில் எழுதிய அதே ஒட்டல், நீங்கள் கேட்டேயிராத புதிய பதிவில் வரும்போது காதில் பட்டதா என்பதுதான் உண்மையான சோதனை.

அகலக் கேட்பதற்குத் தினம் ஒரு புதிய இடத்தில் தேட வேண்டாம். ஒரு கதையையோ ஒரே தொடரையோ பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் அதிலேயே இருங்கள். ஒரே குரல், ஒரே பாத்திரங்கள், ஒரே துறைச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், நான்காவது அத்தியாயத்துக்குள் பளு பாதியாகக் குறைந்துவிடும். ஒரு அத்தியாயத்தை முதல் நாள் கேட்டுவிட்டு மறுநாள் அதையே ஒருமுறை கேட்டு அடுத்ததற்குப் போவதும் மிக நல்ல பழக்கம். இரண்டாம் முறை கதை தெரிந்திருப்பதால், மனம் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு மொழியோடு ஓடத் தொடங்கும். எழுத்து வடிவத்தை வாசித்துக்கொண்டே கேட்பதை நான் தடுக்க மாட்டேன், ஆனால் அது கடைசியாக வரட்டும். முதலில் கண் உள்ளே வந்துவிட்டால் காதுக்கு வேலை இருக்காது.

அகலக் கேட்பதில் வருகிற பெரிய பழுது, அது பின்னணி ஓசையாக மாறிவிடுவது. ஓடிக்கொண்டிருக்கும், நாம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்போம், கணக்கில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் ஏறும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நடுவில் எங்காவது திடீரென்று நிறுத்தி, கடைசி ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று உங்கள் தாய்மொழியிலேயே ஓரிரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை, மனம் அலைந்துவிட்டது என்றால், கையில் இருக்கும் வேலையை மாற்றுங்கள். மனம் அலையாமல் கவனித்தும் சொல்ல வரவில்லை என்றால், பொருளின் நிலையை மாற்றுங்கள்.

எப்போது அடுத்த நிலைக்கு ஏறுவது? இப்போதைய நிலையில் முன்பின் கேட்டிராத மூன்று பதிவுகளை, அடுத்தடுத்து, எழுத்தில்லாமல் முதல் முறை கேட்டே, மூன்று நிமிடத்துக்கு ஐந்தாறு கோட்டுக்குள் அடக்க முடிந்தால் ஏறலாம். ஏறிய முதல் வாரம் கோடுகள் பத்துப் பன்னிரண்டு ஆகும், அது இயல்பு. இரண்டு வாரம் கழித்தும் பதினைந்துக்குக் கீழே வரவில்லை என்றால் இறங்கி, பழைய நிலையில் இன்னும் இரண்டு கதை கேட்டுவிட்டு வாருங்கள்.

நிலை பிரித்த பதிவுகளுக்கு ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவை ஒலிக்கூடத்தில், ஒருவர் அல்லது இருவர், எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தவை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவது, வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு மாதிரி தொடங்குவது, இழுத்து யோசிப்பது, பின்னால் வண்டிச் சத்தம் இதெல்லாம் அவற்றில் இருக்காது. அதனால் நடு நிலைக்கு, அதாவது ஐரோப்பிய அளவுகோலில் B1 என்று குறிக்கிற இடத்துக்கு வந்ததும், ஆழக் கேட்கும் துண்டுகளை மட்டும் மெல்ல நிஜப் பேச்சுக்கு மாற்றத் தொடங்குங்கள்: ஒரு பேட்டியிலிருந்து நாற்பது நொடி, இருவர் உரையாடலில் அரை நிமிடம், கட்டாயம் எழுத்து வடிவம் இருக்கிறதாகப் பார்த்து. அகலக் கேட்பது இப்போதைக்கு எளிய பதிவிலேயே தொடரட்டும். மூன்று நிமிடக் கோட்டுச் சோதனையை அதே பேட்டியின் வேறு பகுதிகளில் அவ்வப்போது வைத்துப் பாருங்கள். சாதாரண ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்கு 150 சொல்லைத் தாண்டும், எனவே மூன்று நிமிடத்தில் 450 சொல் ஓடும், ஒன்பது கோட்டுக்குள் அடங்கினால் அது 98. அன்றைக்கு அந்தப் பேட்டித் தொடரை அகலக் கேட்கும் பட்டியலுக்கு மாற்றிவிடலாம்.